‘Low’ என்று வந்தால் தூக்கிவிடலாமா?

*கூகுள் தேடல் விளம்பரம் கொடுக்கும் சிறு வியாபாரிகளுக்கான கேள்வி-பதில். இந்த முறை தபாலில் பாதி கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் பூண்டு வாசனை அடிக்கும்.*

கிளாவரையில் இரண்டு அறை ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். கூகுள் விளம்பரத்துக்குப் பதினைந்து தலைப்பு எழுதிக் கொடுத்தோம். அதில் நான்குக்கு Low என்று வந்திருக்கிறது. உடனே தூக்கிவிடலாமா?
*— ஹோம்ஸ்டே உரிமையாளர், கிளாவரை*

கையை எடுங்கள், மௌஸிலிருந்து!

Best, Good, Low என்பவை தலைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கொடுக்கும் தரம். வகுப்பில் எல்லோரும் தொண்ணூறுக்கு மேல் வாங்கினாலும் கடைசி ரேங்க் ஒருத்தருக்கு உண்டு. அந்தப் பிள்ளை பெயிலாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, தலைப்பைத் தலைப்போடும் விவர வரியை விவர வரியோடும்தான் ஒப்பிடுவார்கள். ஒரு தலைப்பு Low என்பதால் கீழே இருக்கும் விவர வரியும் மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்குவதற்கு முன் அந்த நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில், எத்தனை தடவை அது திரையில் வந்தது? மற்றத் தலைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்திருக்க, இது நூறு தடவைகூட வரவில்லை என்றால் அதற்கு இன்னும் வாய்ப்பே கிடைக்கவில்லை. மற்றவற்றுக்குச் சமமாக வந்தும் Low என்றால் அது சந்தேகத்துக்குரிய தலைப்பு. அடுத்து, அது சொல்லும் சேதி வேறு எந்தத் தலைப்பிலாவது இருக்கிறதா? இருந்தால் எடுக்கலாம். ஊர்ப் பெயரோ தூரமோ வாடகையோ அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்றால், Low வாங்கினாலும் அது இருக்கத்தான் வேண்டும். ஆள் இழுக்கும் வரி ஒரு ரகம். வருகிற ஆளைச் சரியாக வடிகட்டும் வரி இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் பெரும்பாலும் Low தான் வாங்கும்.

எனக்கு இரண்டு மாதமாக Learning என்றே காட்டுகிறது. கூகுள் எப்போது படித்து முடிக்கும்?
*— மன்னவனூர் வாசகர்*

உங்கள் கணக்கில் அது படித்து முடிக்காமலே போகலாம்!

கூகுள் சொல்லும் அளவு இது: தேடல் பக்கத்தின் மேற்பகுதியில், முப்பது நாளுக்குள் சுமார் 5,000 தடவை காட்டப்பட்டால்தான் தரம் போடப் போதுமான தகவல் சேரும். பக்கத்தின் அடியில் காட்டப்பட்டது இந்தக் கணக்கில் சேராது. ‘கொடைக்கானல் ஹோட்டல்’ என்று தேடுகிறவர்களுக்குக் காட்டினால் அந்த எண்ணைத் தொடலாம். ‘மன்னவனூர் ஹோம்ஸ்டே’, ‘கிளாவரை தங்குமிடம்’ என்று தேடுகிறவர்கள் ஒரு மாதத்தில் அவ்வளவு பேர் எங்கே இருக்கிறார்கள்?

ஆகவே சின்ன விளம்பரதாரர் செய்ய வேண்டியது காத்திருப்பதல்ல, குறைப்பது. பதினைந்து தலைப்பு, நான்கு விவர வரி இருக்கும்போது என்ன ஆகிறது பாருங்கள். ஒரு நேரத்தில் மூன்று தலைப்பு, இரண்டு விவரம் வரை காட்டுவார்கள். வரிசையையும் கணக்கில் எடுத்தால் தலைப்புகளில் 15 × 14 × 13, அதாவது 2,730 விதம். விவர வரிகளில் 4 × 3, பன்னிரண்டு விதம். பெருக்கினால் 32,760 சேர்க்கை. தலைப்பை ஏழாகவும் விவரத்தை மூன்றாகவும் குறைத்தால் 1,260. கூகுள் எல்லாச் சேர்க்கையையும் சமமாகச் சோதிப்பதில்லை, விரைவில் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்களிடம் மாதம் ஆயிரம் இம்ப்ரெஷன்தான் என்றால், அதை எத்தனை பேருக்குப் பங்கு வைப்பது?

ஒரே வீட்டுக்கு மூன்று ஆட் குரூப் போட்டு, மூன்றிலும் தனித்தனி விளம்பரம் வைத்திருந்தால் அவற்றை ஒன்றாக்குங்கள். தகவல் ஓரிடத்தில் சேரும்.

பூம்பாறையிலிருந்து கேட்கிறேன். என் கணக்கில் Best, Low எதையுமே காணோம். கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?
*— பூம்பாறை வாசகி*

கண்ணில் கோளாறில்லை. 2025-இலிருந்து கூகுள் ஒவ்வொரு தலைப்புக்கும் க்ளிக், செலவு, கன்வர்ஷன் எண்களையே காட்டத் தொடங்கியது. அதற்குமுன் இம்ப்ரெஷன் எண்ணும் தரச்சொல்லும்தான் கிடைக்கும். அந்த எண்கள் வந்த கணக்குகளில் சொல் ஒதுங்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை. எண்ணோடு சண்டை போடலாம், சொல்லோடு போட முடியாது. ஆனால் எண் வந்ததும் புதுசாக ஒரு குழி தோண்டப்பட்டிருக்கிறது. அடுத்த கேள்விக்காரர் அதில் விழுந்தே விட்டார்.

தலைப்புகளின் க்ளிக்குகளைக் கூட்டிப் பார்த்தேன். விளம்பரத்துக்கு வந்த மொத்த க்ளிக்கைவிட அதிகமாக வருகிறது. கூகுள் ஏமாற்றுகிறதா?
*— கணக்குப் பதிவியல் ஆசிரியர், பெரியகுளம்*

கணக்கு வாத்தியார் கேட்க வேண்டிய கேள்விதான்!

ஒரு விளம்பரத்தில் மூன்று தலைப்பு சேர்ந்து வந்து ஒருவர் க்ளிக் செய்தால், அந்த ஒரே க்ளிக் மூன்று தலைப்பின் கணக்கிலும் ஏறும். கீழே இருந்த இரண்டு விவர வரிகளின் கணக்கிலும் ஏறும். யாரால் வந்தது என்று பிரிக்க வழியில்லை என்பதால் எல்லோருக்கும் முழுப் பங்கு. எனவே இந்த எண்களைக் கூட்டக் கூடாது, ஒப்பிட மட்டுமே செய்யலாம். ஒப்பிடும்போதும் ஒரு கண் வேண்டும்: முதல் இடத்தில் வந்த தலைப்பு எல்லோர் கண்ணிலும் படும், மூன்றாவது இடத்தில் வந்தது பல சமயம் காட்டப்படுவதே இல்லை, காட்டினாலும் படிப்பவர் குறைவு. தேடியவர் என்ன டைப் செய்தார் என்பதைப் பொறுத்தும் கூகுள் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. ‘விலை’ என்று தேடியவனுக்கு வாடகைத் தலைப்பு போகும். வாங்கும் எண்ணத்தோடு வந்தவனிடம் காட்டப்பட்ட தலைப்பு நல்ல பெயர் வாங்குவதில் தலைப்பின் சாமர்த்தியம் எவ்வளவு, வந்தவனின் அவசரம் எவ்வளவு என்று அறிக்கை சொல்லாது.

கிளாவரைக்காரர் மறுபடியும். உங்கள் பதில் புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. எங்கள் விளம்பரத்தையே எடுத்து வைத்து விளக்கக் கூடாதா?

விளக்கலாம். நீங்கள் அனுப்பிய தலைப்புகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்:

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே
இன்றே முன்பதிவு செய்யுங்கள்
நேரடி முன்பதிவுக்குச் சலுகை
பூண்டுத் தோட்டம் நடுவே வீடு

எண்கள் உங்களுடையவை அல்ல; கணக்கு புரிவதற்காக உருண்டையாக நானே வைத்துக்கொள்கிறேன். சீசனில் முப்பது நாளில் விளம்பரம் 9,000 தடவை வந்தது, 600 க்ளிக் கிடைத்தது என்று வையுங்கள். ‘கொடைக்கானலில் ஹோம்ஸ்டே’ 7,200 தடவை காட்டப்பட்டு 504 க்ளிக், அதாவது நூற்றுக்கு ஏழு. ஆறு பேர் விசாரித்தார்கள். ‘பூண்டுத் தோட்டம் நடுவே வீடு’ 1,500 தடவைதான் வந்தது; 60 க்ளிக், நூற்றுக்கு நான்கு. விசாரித்தவர்கள் ஐந்து பேர்.

முதலாவதுக்கு Best, இரண்டாவதுக்கு Low என்று தரம் வருவது இயல்பு. காட்டிய தடவையிலும் க்ளிக் விகிதத்திலும் முதலாவதுதான் முன்னே நிற்கிறது. இப்போது க்ளிக்கை விசாரணையால் வகுத்துப் பாருங்கள். முதலாவதில் 504 க்ளிக்குக்கு ஆறு. எண்பத்து நான்கு க்ளிக்குக்கு ஒரு விசாரணை. இரண்டாவதில் பன்னிரண்டு க்ளிக்குக்கு ஒரு விசாரணை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் நீங்கள் காசு கட்டுகிறீர்கள். Low வாங்கிய வரி உங்கள் காசைக் காப்பாற்றுகிறது, Best வாங்கிய வரி கரைக்கிறது.

இங்கே அவசரப்பட்டு முதலாவதைத் தூக்கினாலும் தப்பு. ஐந்தும் ஆறும் சின்ன எண்கள். அடுத்த மாதம் தலைகீழாகலாம். அந்த ஐந்து விசாரணையில் சிலவற்றில் இரண்டு தலைப்பும் சேர்ந்தே வந்திருக்கலாம். ‘கொடைக்கானல்’ என்ற பெயரைப் பார்த்து நின்றவர், பூண்டுத் தோட்டத்தைப் பார்த்து உள்ளே வந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்னொரு அறிக்கை இருக்கிறது.

அந்த இன்னொரு அறிக்கை எங்கே இருக்கிறது?
*— அவரேதான்*

விளம்பரத்தின் கீழே View asset details என்று இருக்கும். அதை அழுத்தினால் தலைப்புகளின் பட்டியல் வரும். பக்கத்திலேயே Combinations என்று ஒரு தாவல். எந்தத் தலைப்பு எதனோடு, எந்த விவர வரியோடு சேர்ந்து காட்டப்பட்டது, எத்தனை தடவை என்று வரிசையாக இருக்கும்.

எத்தனை தடவை என்பது மட்டும்தான் இருக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். க்ளிக் இல்லை, விசாரணை இல்லை. முதல் வரிசையில் இருக்கும் சேர்க்கை, கூகுளுக்குப் பிடித்த சேர்க்கை. உங்களுக்கு லாபம் தந்த சேர்க்கை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் எதற்கு அது? படிப்பதற்கு. தேடுகிறவர் பார்க்கிற மாதிரி வாய்விட்டுப் படிப்பதற்கு. உங்கள் விளம்பரத்தில் முதல் சேர்க்கை இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே | இன்றே முன்பதிவு செய்யுங்கள் | நேரடி முன்பதிவுக்குச் சலுகை

படித்தீர்களா? மூன்று வரியில் இரண்டு தடவை ‘முன்பதிவு’. கிளாவரை என்ற பெயரே இல்லை. கொடைக்கானலில் வேறு யாருடைய வீட்டுக்கும் இந்த விளம்பரத்தை அப்படியே ஒட்டலாம். தனித்தனியாகப் பார்த்தபோது மூன்றும் நல்ல வரிகள்தான். சேர்ந்து நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. தரப் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

இதில் நான் எடுக்கச் சொல்வது ‘இன்றே முன்பதிவு செய்யுங்கள்’. அது எந்தத் தகவலும் சொல்லவில்லை, ‘நேரடி முன்பதிவுக்குச் சலுகை’ அதே வேலையைக் கூடுதல் சேதியோடு செய்கிறது. எடுக்கச் சொன்ன வரி Good வாங்கியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

‘கொடைக்கானலில் ஹோம்ஸ்டே’ பார்த்து வருகிறவர்கள், வந்த பிறகு “ஏரி எங்கே?” என்று கேட்கிறார்கள். ஏரி இங்கிருந்து 40 கிலோமீட்டர்! அந்த Best தலைப்பை என்ன செய்ய?
*— சந்தேகமே வேண்டாம், கிளாவரைதான்*

இதைத்தான் எதிர்பார்த்தேன். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி எல்லாம் தாண்டி, கேரள எல்லையை ஒட்டிய கடைசி ஊரில் இருந்துகொண்டு ‘கொடைக்கானலில்’ என்று எழுதினால், படகு சவாரி கனவோடு ஒரு குடும்பம் வந்து உங்கள் முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்து விழிக்கத்தான் செய்யும். அவர்கள் விசாரித்தது கூகுள் கணக்கில் கன்வர்ஷன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டது எங்கும் பதிவாகாது.

வார்த்தையை எடுக்க வேண்டாம். ‘கிளாவரை’ என்று தேடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரிய பெயர் வேண்டும். ஆனால் அது தனியாக உலவக் கூடாது. தலைப்புக்கு எதிரே ஓர் ஊசிக் குறி இருக்கும். அதை அழுத்தி ஒரு வரியை ஓர் இடத்தில் குத்தி நிறுத்தலாம். விவர வரிகளில் ஒன்றை இப்படி எழுதி, முதல் விவர இடத்தில் குத்துங்கள்: ‘கொடைக்கானல் ஏரியிலிருந்து சுமார் 40 கி.மீ. மேல்மலைக் கிராமம்.’ இரண்டாவது விவர வரியும் மூன்றாவது தலைப்பும் எப்போதும் காட்டப்படும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதனால் கட்டாயம் தெரிய வேண்டியதை அங்கே வைக்காதீர்கள்.

அதோடு ‘கிளாவரையில் தங்கும் வீடு’, ‘கூட்டம் இல்லாத மலை ஊர்’ என்ற இரண்டையும் இரண்டாவது தலைப்பு இடத்தில் குத்திவிடுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு வரி கொடுத்தால் கூகுள் அந்த இரண்டுக்குள் மாற்றி மாற்றிக் காட்டும். நீங்களும் ஊரை மறைக்கவில்லை, அதன் கையையும் முழுதாகக் கட்டவில்லை.

க்ளிக் குறையும். குறையட்டும். ஏரி தேடுகிறவர் க்ளிக் செய்யாமல் போனால் உங்களுக்கு அது வருமானம்.

குத்தியவுடன் Ad strength ‘Excellent’-லிருந்து ‘Average’-க்கு இறங்கிவிட்டதே!
*— வத்தலக்குண்டு, டிராவல்ஸ் நடத்துபவர்*

இறங்கட்டும். அது நீங்கள் எத்தனை வகை வரி கொடுத்தீர்கள் என்று பார்த்துச் சொல்லும் முன்மதிப்பு. விளம்பரம் ஓடிச் சம்பாதித்ததைப் பார்த்துச் சொல்வதல்ல. ஏலத்தில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. Excellent வாங்கிக் காலி அறையோடு இருப்பதா, Average வாங்கிப் போர்வை பற்றாமல் திண்டாடுவதா, நீங்களே சொல்லுங்கள்.

‘குறிஞ்சி பூக்கும் ஊர்’ என்ற தலைப்புக்கு Best வந்திருக்கிறது. நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?
*— கவுஞ்சி வாசகர்*

கடைசியாகக் குறிஞ்சி பெரிய அளவில் பூத்தது 2018-இல். அடுத்தது 2030. நடுவில் வருகிறவரிடம் என்ன சொல்வீர்கள், “உட்காருங்கள், பூத்துவிடும்” என்றா? எடுத்து வையுங்கள், நேரம் வரும்போது போடலாம்.

நாங்கள் மலைப்பூண்டு நேரடியாக விற்கிறோம். ‘புவிசார் குறியீடு பெற்ற பூண்டு’ என்பது Low. பெருமைப்பட வேண்டிய விஷயம் Low-வா? மனசு கேட்கவில்லை.
*— பூம்பாறை விவசாயி*

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். பெருமை எங்கும் போகாது. ஆனால் பூண்டு வாங்க வருகிறவர் தேடுவது ‘மலைப்பூண்டு விலை’, ‘மலைப்பூண்டு ஒரு கிலோ’. அவருக்குப் புவிசார் குறியீடு முதல் கேள்வி அல்ல, விலையைப் பார்த்துப் புருவம் உயர்ந்த பிறகு, “ஏன் இவ்வளவு?” என்று கேட்கும்போதுதான் அது பதில். அதனால் அதைத் தலைப்பிலிருந்து இறக்கி விவர வரிக்கு மாற்றுங்கள். தலைப்பில் எடையும் விலையும் போடுங்கள். இப்படி Low வாங்கும் வரிகளில் பல, கருத்து கெட்டவை அல்ல, இடம் மாறி உட்கார்ந்தவை.

போகிற போக்கில் ஒன்று: ‘புவிசார் குறியீடு பெற்ற பூண்டு’ என்பது கூகுள் கணக்கில் சரியாக முப்பது. ஒரு தலைப்புக்கு அனுமதியே முப்பதுதான். நம் கண்ணுக்கு எழுத்து குறைவாகத் தெரியும். ஆனால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். தமிழில் தேடல் விளம்பரம் கொடுக்க 2018-இல்தான் வழி பிறந்தது. வழி கொடுத்தவர்கள் புள்ளிக்கும் கணக்கு வைத்துவிட்டார்கள்! பெட்டிக்குப் பக்கத்தில் ஓடும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். வரி நீள்கிறது என்றால் ‘செய்யுங்கள்’, ‘கொள்ளுங்கள்’ போன்றவற்றில் கை வையுங்கள். அவை இடத்தை அடைக்கிற அளவுக்கு எதையும் சொல்வதில்லை.

‘இ-பாஸ் உதவி உண்டு’ என்று ஒரு தலைப்பு சேர்த்தேன். க்ளிக் கொட்டுகிறது. அறை மட்டும் காலி. ஏன்?
*— கொடைக்கானல் நகர், லாட்ஜ் மேலாளர்*

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாஸைத் தேடுகிறவர்கள் உங்கள் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்து, பாஸ் இல்லை என்று தெரிந்ததும் போய்விடுகிறார்கள். காசு உங்களுடையது. தலைப்பு அறிக்கையில் இது ஜொலிக்கும். தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தால்தான் விஷயம் புரியும். அங்கே ‘இ-பாஸ்’ என்று தேடி வந்தவர்களைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விலக்குச் சொல்லாகச் சேர்த்துவிடுங்கள், தலைப்பையும் எடுங்கள். அரசுச் சேவைகளைக் காட்டும் விளம்பரங்களுக்குக் கூகுளில் தனிக் கட்டுப்பாடு இருப்பதால், விளம்பரமே நின்றுபோகும் வம்பும் இதில் உண்டு.

நான் எழுதாத தலைப்பு ஒன்று என் பட்டியலில் இருக்கிறது. பேயா?
*— பழநி வாசகர்*

உங்கள் இணையதளத்திலிருந்து கூகுள் தானே பொறுக்கி உருவாக்கியது. அறிக்கையில் அது தானாக உருவானது என்ற குறிப்பும் இருக்கும். சரியில்லை என்றால் அங்கேயே நீக்கலாம். கேம்பெயின் அமைப்பில் அந்த வசதியையே அணைத்துவிடலாம். நீக்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். சில சமயம் நம்மைவிட நன்றாக எழுதிவிடுகிறது, என்ன செய்ய!

மே மாதக் கடைசியில் ஐந்து தலைப்பை மாற்றினேன். ஜூனில் எல்லாமே படுத்துவிட்டது. பழையதையே திரும்பப் போட்டுவிடவா?
*— கொடைக்கானல் அருகே காட்டேஜ் நடத்துபவர்*

ஜூனில் படுத்தது உங்கள் தலைப்பா, சீசனா? பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மழை வந்துவிட்டது. இரண்டு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தலைப்பும் குற்றவாளியாகத்தான் தெரியும். அதிலும் ஒரே நாளில் ஐந்தை மாற்றியிருக்கிறீர்கள். கெட்டது எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மாற்றம் ஒரு தடவைக்கு ஒன்று, போனால் இரண்டு. மாற்றிய வரி புதிதாகக் கணக்கைத் தொடங்கும். பழைய வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கூகுளுக்கு அது புது வரிதான். அதனால் எழுத்துப் பிழை திருத்துவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே திருத்திவிடுங்கள். ஆறு மாதம் சேர்ந்த கணக்கை ஓர் ஒற்றெழுத்துக்காக இழக்க வேண்டாம். (ஒற்று விட்டுப் போனதைப் பொறுக்க முடியாத தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்கவும்.)

உங்கள் கணக்கில் போதிய இம்ப்ரெஷன் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. Ad variations என்ற சோதனையில் ஒரு வாசகத்துக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்து, பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று ஒரே காலத்தில் ஓட்டலாம். சீசன் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே என்பதால் பழி தலைப்பின் மேல் நியாயமாக விழும். மாதம் இரண்டாயிரம் இம்ப்ரெஷன் வருகிற கணக்கில் இதைச் செய்து பார்ப்பது வீண். பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுமிருக்காது.

புது வரி எழுதும்போது பழையதன் தங்கச்சியை எழுதாதீர்கள். ‘கூட்டம் இல்லாத மலை ஊர்’ எடுபடவில்லை என்று ‘அமைதியான மலைக் கிராமம்’ எழுதினால் மறுபடி அதே விடைதான் வரும். அமைதி எடுபடவில்லை என்றால் சாப்பாட்டைச் சொல்லுங்கள், வாடகையைச் சொல்லுங்கள், வட்டவடைப் பக்கம் நடந்து போகும் மலைப்பாதையைச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வருகிறவர்கள் படிவம் நிரப்புவதில்லை. போனில் கூப்பிடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அறிக்கையில் கன்வர்ஷன் எப்போதும் பூஜ்யம். பிறகு எதை வைத்து முடிவு செய்ய?
*— கிளாவரை, இது கடைசிக் கேள்வி என்று சத்தியம் செய்திருக்கிறார்*

முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டியது! பூஜ்யம் என்று பதிவாகிற கணக்கில் எந்தத் தலைப்பு விசாரணை கொண்டுவருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் மேலே போட்ட பன்னிரண்டு, எண்பத்து நான்கு கணக்கெல்லாம் உங்களுக்குக் காகிதக் கணக்கு. முதல் வேலையாக, போன் எண்ணை அழுத்துவதையும் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துவதையும் கன்வர்ஷனாகப் பதிவு செய்ய வையுங்கள். இணையதளம் செய்து கொடுத்த தம்பியிடம் கேளுங்கள், செய்துவிடுவார். அதன் பிறகு வருகிற முப்பது நாள்தான் பார்க்கத் தக்க முப்பது நாள்.

அதுவரை என் தீர்ப்பு இது. பதினைந்தை ஏழாக்குங்கள். ‘இன்றே முன்பதிவு செய்யுங்கள்’ வெளியே. ‘கொடைக்கானலில் ஹோம்ஸ்டே’ உள்ளே, தூரம் சொல்லும் விவர வரியின் காவலோடு. ‘பூண்டுத் தோட்டம் நடுவே வீடு’ Low வாங்கினாலும் உள்ளே; உங்கள் விளம்பரத்தில் உங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிற வரி அது ஒன்றுதான்.

அறிக்கை அனுப்பிக் கருத்துக் கேட்க விரும்புகிற மற்ற வாசகர்களுக்கு: தரப் பட்டியலை மட்டும் படமெடுத்து அனுப்ப வேண்டாம். Combinations பக்கத்தின் முதல் பத்து வரிசை, அதே முப்பது நாளின் தேடல் சொற்கள், கடைசியாகத் தலைப்பை மாற்றிய தேதி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தேதி இல்லாத கடிதங்களுக்குப் பதில் கிடையாது.